குழியில் தண்ணீர், நிற்கும் லிஃப்ட், மேல்மாடிப் பெரியவர்கள்: கேள்வி பதில்

மழைக்குப் பிறகு லிஃப்ட் பல நாளாக ஓடாத குடியிருப்புகளில் இருந்து வந்த கேள்விகள் இவை. நான் லிஃப்ட் சர்வீஸில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது எங்கள் சங்கத்தின் பராமரிப்பைப் பார்க்கிறேன். செலவுப் பங்கீடு, வக்கீல் நோட்டீஸ் இதெல்லாம் என் துறை இல்லை.

கேள்வி (மடிப்பாக்கம், சங்கச் செயலாளர்): கீழே வண்டி நிறுத்தம், மேலே ஐந்து மாடி, ஒரே லிஃப்ட். லிஃப்ட் பாதையின் அடியில் இருக்கும் குழியில் இடுப்பளவு தண்ணீர், இறைத்துவிட்டோம். டெக்னீஷியன் தினமும் "நாளைக்கு ஓடிடும் சார்" என்கிறார். அதையே குரூப்பில் போட்டு மூன்று நாளாகத் திட்டு வாங்குகிறேன். என்னதான் எழுதுவது?

பதில்: திட்டை விடுங்கள். உங்கள் "நாளைக்கு" என்ற சொல்லை நம்பி மேல்மாடியில் ஒருவர் முடிவெடுக்கிறார், அதுதான் கவலை. நாளைக்கு ஓடிவிடும் என்றால் ஐந்தாம் மாடிப் பாட்டி மகள் வீட்டுக்குப் போக மாட்டார், மருந்து வாங்குவதை ஒரு நாள் தள்ளிப்போடுவார், ஆஸ்பத்திரி தேதியை மாற்ற மாட்டார். நாலைந்து நாள் ஆகலாம் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் அன்றைக்கே ஒரே தடவை மெதுவாக இறங்கிப் போயிருப்பார்.

டெக்னீஷியன் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். குழியில் தண்ணீர் நின்றால் என்னென்ன நனையும் என்று பாருங்கள். கீழ்த்தளக் கதவின் லாக், குழிக்குள் இருக்கும் ஸ்டாப் சுவிட்ச், பெட்டி வேகம் மீறினால் நிறுத்துவதற்கான கவர்னர் கயிற்றை இழுத்துப் பிடிக்கிற அடிப்புல்லி, அப்புறம் லிஃப்ட் பெட்டியின் அடியில் இருந்து வளைந்து தொங்குகிற டிராவலிங் கேபிள். பெட்டி கீழே நின்றிருந்த நேரத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் பெட்டியின் அடிப்பாகமும் நனைந்திருக்கும். லாக்கும் சுவிட்சும் காயவைத்தோ மாற்றியோ ஒரே நாளில் முடிகிற வேலை, அதை மனதில் வைத்துத்தான் அவர் "நாளைக்கு" என்கிறார். கேபிள் அப்படி இல்லை. உறைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதா என்பதை போர்டு கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தேறவில்லை என்றால் உங்கள் கட்டடத்தின் உயரத்துக்கு அளவு கொடுத்து புதுக் கேபிள் வரவழைக்க வேண்டும். அவர் இன்னும் மெகர் வைக்கவில்லை என்றால் எத்தனை நாள் என்பது அவருக்கே தெரியாது.

அதனால் எந்த நாளில் ஓடும் என்று எழுதாதீர்கள், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். இப்படி:

"செவ்வாய், காலை 9 மணி. லிஃப்ட் ஓடவில்லை. மெயின் சுவிட்ச் அணைத்துப் பூட்டியிருக்கிறது, யாரும் போட வேண்டாம். தண்ணீர் இறைத்தாகிவிட்டது. கீழ்த்தள லாக் இன்று மாற்றுகிறார்கள். மதியம் கேபிள் சோதனை. தேறினால் நாளை மாலைக்குள் ஓட வாய்ப்பு இருக்கிறது. தேறாவிட்டால் புதுக் கேபிள் வர வேண்டும், அதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம் என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். படி ஏற முடியாதவர்கள் மதியத் தகவலுக்காகக் காத்திருக்க வேண்டாம், இப்போதே கீழ்க்கண்ட எண்ணில் பேசுங்கள். அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு, புதுச் செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும்."

கடைசி வரி மிக முக்கியம். 6 மணிக்கு ஒரு செய்தி நிச்சயம் வரும் என்று தெரிந்தால் இடையில் நாற்பது பேர் கூப்பிட மாட்டார்கள். இதையே பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் பார்க்காத வீடுகளுக்கு ஒருவர் போன் செய்து வாயால் சொல்ல வேண்டும், பெரும்பாலும் அந்த வீடுகளில்தான் பெரியவர்கள் இருப்பார்கள்.

கேள்வி (பள்ளிக்கரணை): எங்கள் லிஃப்ட் எப்போது சரியாகும் சார்?

பதில்: மெகர் வைத்தாரா என்று உங்கள் டெக்னீஷியனிடம் கேளுங்கள். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (வேளச்சேரி, ஆறாவது மாடி): பவர் போனாலும் பேட்டரியில் ஓடுகிற ஏஆர்டி எங்கள் லிஃப்டில் இருக்கிறது. அதில் பெரியவர்களை மட்டும் இறக்கலாமா?

பதில்: முடியாது. கரண்ட் போனால் உள்ளே இருப்பவர்களைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் கதவைத் திறந்துவிடத்தான் அந்தப் பேட்டரி. அதோடு அதன் வேலை முடிந்தது.

கேள்வி (வேளச்சேரி, கமிட்டி உறுப்பினர்): 32 வீடுகளில் பாதிக்கு மேல் வயதானவர்கள். யாருக்கு என்ன ஏற்பாடு என்று எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வயதை வைத்து ஆரம்பிக்காதீர்கள். எண்பது வயதில் தினமும் படி ஏறுகிறவரும் இருக்கிறார், அறுபதில் முட்டி மடக்க முடியாதவரும் இருக்கிறார். வீடு வீடாகப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: படியில் இறங்கி ஏற முடியுமா? இந்த வாரம் வெளியே போயே ஆக வேண்டிய வேலை என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தால் போதும் என்கிறவருக்குப் பாலும் மருந்தும் தண்ணீர் கேனும் மேலே போனால் சரியாகிவிடும். ரத்தப் பரிசோதனைக்கு லேப் ஆட்களே வீட்டுக்கு வருவார்கள். நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்துப் பதிவு செய்கிற வசதி இருக்கிறது, அதற்காக அவரை ஐந்து மாடி இறக்க வேண்டாம். டயாலிசிஸ், கீமோ, கட்டுப் பிரிப்பது, இவைதான் தள்ளிப்போட முடியாதவை. அந்தப் பெயர்களைத் தனியாக எழுதுங்கள். 32 வீட்டில் அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம், உங்கள் ஆள் பலம் முழுவதும் அவர்களுக்குத்தான்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். மழையில் கரண்டும் போனால் அந்த மெஷின் நின்றுவிடும். மாற்று சிலிண்டரை முன்கூட்டியே மேலே ஏற்றி வைக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு ஏற்ற ஆள் கிடைக்காது.

ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு படித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி போடுங்கள், ஆனால் வழியை அடைக்காமல். படிக்கட்டு விளக்கு எல்லாம் எரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். லிஃப்ட் ஓடும்போது யாரும் படியில் போகாததால் அது மாதக்கணக்கில் எரியாமல் கிடக்கும்.

கேள்வி (குரோம்பேட்டை, நான்காவது மாடி): என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். திரும்பி வரும்போது இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். பையன்கள் தூக்குகிறோம் என்கிறார்கள், இவருக்குக் கூச்சம். என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: அம்மா, டயாலிசிஸ் முடிந்து வரும்போது பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, உடம்பு துவண்டு போயிருக்கும். காலையில் இறங்கினாரே என்பதை வைத்து மாலையில் ஏறுவார் என்று கணக்குப் போட முடியாது. தலை சுற்றிப் படியில் விழுந்தால் அது லிஃப்ட் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை. லிஃப்ட் ஓடும்வரை அவர் அந்த நான்கு மாடி ஏறாமல் இருப்பதுதான் முதல் வழி. முதல் மாடியில் பூட்டிக் கிடக்கும் வீடு இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள், உரிமையாளர் வெளியூரில் இருந்தாலும் போனில் சம்மதம் வாங்கலாம். இல்லையென்றால் சங்க அறை. அதுவும் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவினர் வீடு. நீங்களாகக் கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்றுதான் கமிட்டி முதலில் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அதுவரை ஏறியே ஆக வேண்டும் என்றால் தூக்கட்டும். அவர் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், மயக்கம் வருகிற நாளில் எவ்வளவு நேரம் அங்கேயே படுத்திருந்துவிட்டு வரலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (அதே குடியிருப்பில் இருந்து ஒரு இளைஞர்): நாங்கள்தான் தூக்குகிறோம். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர். சரியா?

பதில்: பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். சாய்த்துப் பிடிக்கும்போது கால் விரிந்து ஒடிந்துவிடும். கெட்டியான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ எடுங்கள். வீல்சேரோடு தூக்குவதாக இருந்தால் கைப்பிடியையும் கால்மிதியையும் பிடித்துத் தூக்காதீர்கள், பல வீல்சேரில் அவை கழன்று வருகிற மாதிரிதான் இருக்கும். சட்டத்தைப் பிடியுங்கள்.

உட்கார்ந்திருப்பவரின் கால் எப்போதும் படியின் கீழ்ப் பக்கம் இருக்க வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும். ஏறும்போது முதுகுப் பக்கம் மேலே போகும், அவர் கீழே பார்த்தபடி வருவார். நாற்காலியைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு போர்வையையோ துப்பட்டாவையோ நாற்காலியோடு கட்டுங்கள், கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பயத்தில் அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தால் எல்லாரும் சேர்ந்து விழுவீர்கள். பலசாலி முதுகுப் பக்கம். ஒருவர் தூக்காமல், கீழே நிற்பவருக்குப் பின்னால் படி பார்த்துச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வையுங்கள். கனமானவர் என்றால் நாலு பேர் இல்லாமல் தொடாதீர்கள்.

வாட்ச்மேனை இதற்குக் கூப்பிடாதீர்கள். பல இடங்களில் அவருக்கே அறுபது தாண்டியிருக்கும்.

கேள்வி (நியூஜெர்சி, பெற்றோர் சென்னையில் ஆறாவது மாடி): செயலாளர் என் போனை எடுப்பதில்லை. லிஃப்ட் கம்பெனிக்கு நானே தினமும் மெயில் போடுகிறேன். அம்மா "ஒண்ணும் பிரச்சினை இல்லடா" என்கிறார், நம்ப முடியவில்லை.

பதில்: கம்பெனிக்கு ஒப்பந்தம் சங்கத்தோடு. உங்கள் மெயிலால் அங்கே ஒரு போல்ட்டும் நகராது. அதே மாடியில் ஒரு வீட்டைப் பிடியுங்கள், தினமும் ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் பிரச்சினையா என்று கேட்காதீர்கள், பிரஷர் மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது, கேனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, நேற்று யார் வந்தார்கள் என்று கேளுங்கள். நிலைமை அதில் தெரிந்துவிடும். அவசரத்துக்கு 108 கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் "ஆறாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். தூக்க ஆள் வேண்டும் என்று அவர்களும் தயாராக வருவார்கள், நீங்களும் கீழே நான்கு பேரை நிறுத்தி வைக்கலாம்.

கேள்வி (பெரம்பூர், தொழிற்சாலையில் மின் பொறியாளராக இருந்தவர்): லிஃப்ட் பெட்டியின் மேலே இன்ஸ்பெக்‌ஷன் மோட் இருக்கிறது. டெக்னீஷியன் மேலே நின்றபடி மெதுவாக ஓட்டலாம். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் பெரியவர்களை மட்டும் உள்ளே ஏற்றினால் என்ன? அந்த மோடிலும் பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாம் வேலை செய்யுமே.

பதில்: வேலை செய்யும், நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் ஓடாது. ஒவ்வொரு மாடிக் கதவு லாக்கும், குழி சுவிட்சும், கவர்னர் சுவிட்சும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சங்கிலியில் வருகின்றன. ஒன்று அறுந்தாலும் லிஃப்ட் நகராது, இன்ஸ்பெக்‌ஷனில் போட்டாலும் அதே கதைதான். நனைந்த லாக்கோடு ஓட்ட வேண்டுமென்றால் அந்த லாக்கைத் தாண்டி ஒரு ஒயரைப் போட்டு ஷார்ட் செய்ய வேண்டும். அந்த ஒயர் இருக்கும்வரை கதவு திறந்திருக்கும்போதும் லிஃப்ட் கிளம்பிப் போகும். பெட்டி இல்லாத இடத்தில் கதவைத் திறந்து காலை வைத்து விழுந்தவர்கள் பற்றிய செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒயரோ கள்ளச் சாவியோதான் இருக்கும்.

தொடர் (பெரம்பூர்): கெட்டது கீழ்த்தள லாக் ஒன்றுதான். கீழ்த்தளக் கதவை வெளியில் இருந்து மரப்பலகை வைத்து மூடிவிட்டு, முதல் மாடி முதல் ஐந்து வரை மட்டும் ஓட்டலாமே. ஐந்து மாடி ஏறுவதும் ஒரு மாடி ஏறுவதும் ஒன்றா?

பதில்: ஒன்றில்லை. இந்த யோசனையில் இருக்கிற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் கீழ்த்தள லாக் சங்கிலியில் இருந்து போகவில்லையே, அதை ஒதுக்கவும் அதே ஒயர்தான். அப்புறம் கவர்னர் அடிப்புல்லி. குழிச் சேற்றில் அது இறுகிப்போயிருந்தால் கவர்னர் கயிறு சரியாக ஓடாது. பெட்டி வேகம் மீறினால் பிடித்து நிறுத்த வேண்டியதே அந்தக் கயிறுதான். முதல் மாடிக்குக் கீழே போகாமல் இருந்துவிட்டால் குழி நமக்கு வேண்டாம் என்று நினைக்க முடியாது.

தொடர் (வில்லிவாக்கம்): பெரம்பூர் சார் சொன்னதை எங்கள் கட்டடத்தில் போன வருடம் செய்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: சந்தோஷம். குழி காய்ந்திருந்ததா, புல்லி பார்த்தார்களா, கம்பெனி எழுதிக் கொடுத்ததா? இந்த மூன்றும் தெரியாமல் அதை உதாரணமாக எடுக்க முடியாது.

தொடர் (பெரம்பூர்): குழி காய்ந்து, புல்லி பார்த்து, கேபிளும் தேறி, அந்த ஒரு லாக் ஸ்பேர் மட்டும் வரவில்லை என்றால்?

பதில்: அப்போது கேள்வி கொஞ்சம் மாறுகிறது. கம்பெனியின் பொறுப்புள்ள பொறியாளர் நேரில் வந்து, கீழ்த்தளக் கதவைத் திறக்கவே முடியாதபடி மூடி, கீழ்த்தள அழைப்பை கன்ட்ரோலரில் எடுத்துவிட்டு, பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கையெழுத்து என்றதும் பின்வாங்குகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படி ஓட்டுவது சரிதான் என்று உங்களோடு ஒத்துப்போகவும் எனக்கு மனம் வரவில்லை. இதில் நாம் இருவரும் வேறு வேறு பக்கமே இருக்கட்டும்.

கேள்வி (தாம்பரம்): இதெல்லாம் எதற்கு? எங்கள் டெக்னீஷியனே தனியாகக் கூப்பிட்டு, ஏதாவது கொடுத்தால் ஷார்ட் போட்டு ஓட்டித் தருகிறேன் என்கிறார். நாங்கள் கேட்டதால்தான் சொன்னார்.

பதில்: நீங்கள் கேட்டதால்தான் சொன்னார், அதையே நீங்களும் எழுதிவிட்டீர்கள். நாற்பது பேர் சூழ்ந்து நின்று "பெரியவங்க இருக்காங்க, ஏதாவது பண்ணுங்க" என்று அழுத்தினால் இருபத்திரண்டு வயதுப் பையன் ஏதாவது செய்துவிடுவான். 1997 லிஃப்ட் சட்டப்படி உரிமம் வாங்கியிருப்பது நீங்கள், விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள். மெயின் சுவிட்சைப் பூட்டி சாவியைச் செயலாளர் வைத்துக்கொள்ளட்டும். டெக்னீஷியனிடம் பேச ஒரே ஒருவர் போதும், மற்றவர்கள் அவர் வேலை செய்யும்போது சுற்றி நிற்க வேண்டாம்.

கேள்வி (போரூர்): வாட்ச்மேனிடம் முக்கோணச் சாவி இருக்கிறது. குழியில் தண்ணீர் வடிந்துவிட்டதா என்று அவரே கதவைத் திறந்து பார்த்துச் சொல்கிறார், நல்ல மனிதர்.

பதில்: இன்றைக்கே அந்தச் சாவியை வாங்கிப் பூட்டி வையுங்கள். கதவு திறந்தால் முன்னால் பள்ளம்தான். ஈரத் தரை, செருப்புக் கால், கையில் டார்ச், ஒரு கால் வழுக்கினால் போதும்.

கேள்வி (ஆலந்தூர்): எத்தனை நாளில் சரியாகும் என்று தோராயமாகவாவது சொல்லுங்களேன்.

பதில்: மேலே இருமுறை சொல்லிவிட்டேன். தோராயமாகச் சொல்லி இன்னொரு பாட்டியை மேலேயே உட்கார வைக்க மாட்டேன்.

கேள்வி (அண்ணா நகர்): மாமியாருக்காக எங்கள் தனி வீட்டில் சின்ன லிஃப்ட் வைக்க நினைக்கிறோம். எது நல்லது?

பதில்: வேறு விஷயம் அம்மா. அதற்குத் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.

கேள்வி (முடிச்சூர், முதல் மாடி): நாங்கள் லிஃப்டே உபயோகிப்பதில்லை. புதுக் கேபிள் செலவில் எங்களுக்கும் பங்கு உண்டா?

பதில்: பொதுக்குழுவில் கேளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் காலி அறையை அந்த டயாலிசிஸ்காரர் மாதிரி ஒருவருக்குச் சில நாள் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கேள்வி (மடிப்பாக்கம், முதலில் கேட்ட செயலாளர்): மெகர் வைத்தார்கள், கேபிள் தேறவில்லை. புதுக் கேபிள் வெள்ளிக்கிழமை என்கிறார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே எழுதி ஒட்டினோம், இரண்டு பேர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேபிள் போட்டதும் உடனே குரூப்பில் "லிஃப்ட் ரெடி" என்று போட்டுவிடலாமா?

பதில்: கேபிள் போட்ட உடனே வேண்டாம். முதலில் ஆள் இல்லாமல் எல்லா மாடிக்கும் ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும், ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் நகரவில்லை என்பதை உங்கள் கண்முன் காட்டட்டும். ஷார்ட் ஒயர் எதுவும் கன்ட்ரோலரில் விட்டுவைக்கவில்லை என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அதன் பிறகு செய்தி போடுங்கள். மகள் வீட்டுக்குப் போனவர்களை அன்றைக்கே வரச்சொல்ல வேண்டாம், சனிக்கிழமை முழுவதும் ஓடட்டும். அடுத்த பெருமழை எச்சரிக்கை வந்தால் பெட்டியை மேல்மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள், அதற்கு முன்னால் வெளியே போக வேண்டியவர்கள் போய்வந்துவிடும்படி அன்று காலையே ஒரு தகவல் போட்டுவிடுங்கள்.